ஒரே சட்டை, மூன்று நீலம்

ஒரு நிறுவனத்தின் இணையதளத்தில் ‘எங்கள் குழு’ என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். வரிசை வரிசையாக ஊழியர்களின் முகங்கள். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எந்தப் படத்திலும் பெரிய குறை இருக்காது. ஆனால் அருகருகே நிற்கும்போது, ஒரே துணியில் தைத்த சீருடைச் சட்டை ஒருவருக்கு வான நீலமாகவும், அடுத்தவருக்குப் பச்சை கலந்த நீலமாகவும், அதற்கடுத்தவருக்குக் கண்ணைக் குத்தும் நீலமாகவும் தெரியும். பின்னால் இருக்கும் சுவரும் அப்படித்தான்: ஒருவருக்குப் பின்னால் சாம்பல், இன்னொருவருக்குப் பின்னால் சந்தன நிறம். யாரோ பல ஊர்களிலிருந்து படங்களை வாங்கி ஒட்டியதுபோல் பக்கம் தோன்றும்.

இதைச் சரிசெய்ய உட்காரும் பலரும் முதலில் செய்வது ஒன்றுதான். ஒரு படத்தை அழகாகத் திருத்திவிட்டு, அந்தத் திருத்தத்தை அப்படியே மற்ற எல்லாப் படங்களுக்கும் ஏற்றுவார்கள். லைட்ரூமில் அதற்கு `Sync` என்று பொத்தானே இருக்கிறது. ஒரு நிமிடத்தில் நூறு படங்களும் மாறிவிடும், ஆனால் ஒன்றுபோல் ஆகாது. ஏற்கெனவே உப்புப் போட்ட குழம்புக்கும் போடாத குழம்புக்கும் ஒரே அளவு உப்பை அள்ளிப் போட்டால் இரண்டும் ஒரே ருசிக்கு வராது. படங்களும் வெவ்வேறு இடத்தில் தொடங்குகின்றன. அவை போய்ச் சேர வேண்டிய இடம்தான் பொதுவானது. அந்த இடத்தை எண்ணாக எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தொகுதியையும் அதற்குத் தேவையான தூரம் மட்டும் நகர்த்துவதே இந்த வேலையின் அடிப்படை.

நான் செய்த ஒரு வேலையை வைத்தே சொல்கிறேன். நிதிச் சேவை தரும் ஒரு நிறுவனம். சென்னை, கோவை, மதுரை ஆகிய மூன்று அலுவலகங்களிலும் சேர்த்து 96 பேர். சென்னையில் 52 பேரை ஸ்டுடியோ ஃபிளாஷ் வைத்து, சாம்பல் நிறப் பேப்பர் ரோலுக்கு முன்னால் நிறுத்தி எடுத்திருந்தார்கள். கோவையில் 30 பேர். நல்ல கேமராதான், ஆனால் ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், மறுபக்கம் டியூப் லைட். மதுரையில் மீதி 14 பேரை யாரோ கைபேசியில், சந்தன நிறச் சுவர் ஓரமாக நிறுத்தி எடுத்து அனுப்பியிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே இளநீலச் சட்டை. பெண்களில் சிலர் அதே நீலத்தில் சீருடைப் புடவை. இந்த மூன்று தொகுதியும் ஒரே பக்கத்தில் உட்கார வேண்டும்.

இங்கே சட்டையைத் தொடுவதற்கு முன்னால் வெளிச்சத்தைச் சரிசெய்ய வேண்டும். இந்த வரிசையை மாற்றவே கூடாது. டியூப் லைட்டின் பச்சை, சட்டையில் மட்டும் விழவில்லை. முகத்திலும் கழுத்திலும் வெள்ளை முடியிலும் விழுந்திருக்கிறது. சட்டையை மட்டும் தேர்ந்தெடுத்து நீலமாக்கினால், சரியான நீலச் சட்டைக்கு மேல் பச்சையடித்த முகம் ஒன்று உட்கார்ந்திருக்கும். வெளிச்சத்தின் நிறத்தை முழுப் படத்திலிருந்தும் கழித்துவிட்டால், சட்டையில் இருந்த வேறுபாட்டில் பெரும்பகுதி தானாகவே போய்விடும். மிஞ்சுவதைத்தான் பிறகு கையால் திருத்த வேண்டும்.

வெளிச்சத்தைக் கழிக்க, படத்தில் நிறம் தெரிந்த ஒரு பொருள் வேண்டும். புகைப்படக்காரர்கள் இதற்காகவே சாம்பல் அட்டை வைத்திருப்பார்கள். ஒவ்வொரு முறை வெளிச்சம் மாறும்போதும், முதலில் வருபவரின் கையில் அந்த அட்டையைக் கொடுத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும். பிறகு கணினியில் வெள்ளைச் சமநிலைக்கான சொட்டுக்குழாயை அந்த அட்டைமேல் வைத்துச் சொடுக்கினால், அதே வெளிச்சத்தில் எடுத்த எல்லாப் படங்களுக்கும் அந்த அளவு பொருந்தும். சென்னையில் அட்டை இருந்தது. கோவையிலும் மதுரையிலும் இல்லை.

அட்டை இல்லாத இடத்தில் பலர் வெள்ளைச் சட்டையையோ வெள்ளை வேட்டியையோ சொடுக்குவார்கள். அதை நம்பவே கூடாது. சலவைத்தூளில் கலக்கப்படும் ஒளிர்விப்பான்கள், கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை உறிஞ்சி நீல ஒளியாகத் திருப்பித் தருகின்றன. போதாததற்கு நம் வீடுகளில் சொட்டு நீலமும் போடுகிறோம். ஆக, புற ஊதா அதிகம் உள்ள ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைச் சட்டை நீலம் தூக்கியிருக்கும். புற ஊதா அநேகமாக இல்லாத எல்இடி வெளிச்சத்தில் அதே சட்டை அப்படி இருக்காது. அதை வெள்ளை என்று கணினியிடம் சொன்னால், கணினி அந்த நீலத்தைக் கழிக்கப் போய் முகத்தை மஞ்சளாக்கிவிடும். யார் வீட்டில் என்ன சலவைத்தூள் என்பதைப் பொறுத்து முகங்களின் நிறம் மாறும் நிலை வந்துவிடும்.

எனக்குக் கைகொடுத்தது, எல்லோர் கழுத்திலும் தொங்கிய ஐடி கார்டு. மூன்று அலுவலகத்துக்கும் ஒரே இடத்தில் அச்சடித்த, ஒரே பிளாஸ்டிக்கில் ஆன அட்டை. அதன் மேல் பகுதியில் எழுத்தில்லாத வெள்ளைப் பட்டை ஒன்று இருந்தது. சாம்பல் அட்டையால் சரிசெய்யப்பட்ட சென்னைப் படங்களில் அந்தப் பட்டை என்ன அளவு காட்டுகிறது என்று பார்த்து எழுதிக்கொண்டால், அதுவே மற்ற இரண்டு ஊருக்கும் அளவுகோல்.

அளவு என்று இங்கே சொல்வது லேப் எனப்படும் நிற முறையை. 1976-ல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் வகுத்தது. ஒரு நிறத்தை மூன்று எண்களால் சொல்லும். L என்பது வெளிச்சம்: 0 கறுப்பு, 100 வெள்ளை. a என்பது பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் நிறம் எங்கே நிற்கிறது என்பது; கழித்தல் எண் என்றால் பச்சைப் பக்கம். b என்பது நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவில். கழித்தல் என்றால் நீலப் பக்கம். கணினியில் வழக்கமாகப் பார்க்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற முறையைவிட இது நமக்கு வசதி. வெளிச்சம் தனியாகவும் நிறம் தனியாகவும் பிரிந்து நிற்பதால், ஒன்றைத் தொடாமல் மற்றொன்றை நகர்த்த முடியும். போட்டோஷாப்பில் `Info` பலகையில் இந்த எண்களைப் பார்க்கலாம். லைட்ரூமில் ஹிஸ்டோகிராமின் மேல் வலது சொடுக்கு செய்து லேப் எண்களைக் காட்டச் சொல்லலாம்.

சென்னையில் ஐடி கார்டின் வெள்ளை, L 92, a 0, b -3 என்று காட்டியது. அந்த வெள்ளை சற்றே நீலம் கலந்த வெள்ளை. எனவே கோவைப் படங்களில் கார்டைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தால் தவறு. -3-க்குத்தான் கொண்டுவர வேண்டும். கோவையில் அது a -7, b 5 என்று நின்றது. பச்சையும் மஞ்சளும் கலந்த டியூப் லைட்டின் அடையாளம். நிற வெப்பநிலை, சாயல் என்ற இரண்டு நகர்த்திகளையும் அசைத்து கார்டை a 0, b -3-க்குக் கொண்டுவந்ததும், அதுவரை L 63, a -11, b -12 என்று இருந்த சட்டை L 66, a -3, b -17-க்கு வந்தது. சென்னையின் சட்டை L 68, a -4, b -20. இரண்டு நிறங்களுக்கு இடையிலான தூரத்தை எளிதாகக் கணக்கிடலாம். மூன்று எண்களின் வேறுபாட்டையும் தனித்தனியே வர்க்கித்துக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். திருத்துவதற்கு முன் அந்தத் தூரம் 11.7, சட்டையைத் தொடாமலே 3.7 ஆகிவிட்டது. 2-ஐ ஒட்டிய தூரம் கூர்ந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும். 5-ஐத் தாண்டினால் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது யாருக்கும் தெரியும்.

ஐடி கார்டிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. பளபளக்கும் பிளாஸ்டிக் என்பதால் சாய்ந்து தொங்கும்போது வெளிச்சத்தை நேராகத் திருப்பி அடிக்கும். அந்தப் பளிச்சிடும் இடத்தில் அளக்கக் கூடாது. சாய்வைப் பொறுத்து அதன் L ஏறி இறங்குவதால், கார்டிலிருந்து a, b இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, பிரகாசத்துக்குத் தோளுக்குப் பக்கத்துச் சுவரை அளந்தேன். பல வருடம் வேலை பார்த்தவர்களின் கார்டுகள் பழுத்து மஞ்சளாகியிருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு, அதே வேளையில் எடுத்த அடுத்தவரின் அளவைத்தான் அவர்களுக்கும் கொடுக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் காலையிலிருந்து பிற்பகல் வரை மாறிக்கொண்டே இருந்ததால், கோவையின் 30 படங்களையும் எடுத்த நேரப்படி அடுக்கி, கார்டின் a அல்லது b, 2-க்கு மேல் மாறும் ஒவ்வோர் இடத்திலும் புதிய தொகுதி என்று கோடு போட்டேன். அந்தச் சிறு தொகுதிக்குள் `Sync` செய்வது முழுக்கச் சரி. அப்போதும் வெள்ளைச் சமநிலையை மட்டும் ஏற்ற வேண்டும். கத்தரிப்பையும் பிரகாசத்தையும் சேர்த்து ஏற்றிவிடக் கூடாது.

ஒரு கன்னத்தில் ஜன்னலின் நீலமும் மறு கன்னத்தில் டியூப்பின் பச்சையும் இருக்கும் படங்களுக்கு ஒரே வெள்ளைச் சமநிலை போதாது. சரிவு மாஸ்க் ஒன்றை டியூப் பக்கத்திலிருந்து மூக்குவரை இழுத்து, அந்தப் பாதியில் மட்டும் சாயலைச் சிவப்புப் பக்கம் கொஞ்சம் நகர்த்தலாம். கேமரா அசையாமல் எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து எடுத்திருந்தால் இந்தச் சரிவையும் தொகுதி முழுவதற்கும் ஏற்ற முடியும்.

இந்த இடத்தில் முகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் இந்த வேலை எங்கே அதிகம் கெட்டுப்போகிறதோ அது இங்கேதான். சட்டையும் பின்னணியும் ஒன்றுபோல் ஆக வேண்டும்; முகங்கள் ஒன்றுபோல் ஆகவே கூடாது. மென்பொருளில் உள்ள தானியங்கித் திருத்தம் ஒவ்வொரு படத்தையும் தனியாகப் பார்த்து, எல்லாவற்றையும் ஒரு நடுத்தரப் பிரகாசத்துக்கு இழுக்கும். கறுத்த முகம் வெளுக்கும், சிவந்த முகம் மங்கும். திருத்துபவர்களும் பழக்க தோஷத்தில் கறுப்பாக இருப்பவரின் முகத்தை இரண்டு படி ஏற்றிவிடுவார்கள். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து வண்ணப்பட ஆய்வகங்களில் அச்சு இயந்திரங்களைச் சரிபார்க்க, கோடாக் நிறுவனம் அனுப்பிய ‘ஷெர்லி அட்டை’யைப் பயன்படுத்தினார்கள். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவர் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்று பொருள். கறுத்த தோலுள்ளவர்கள் விவரமே தெரியாத நிழலாக அச்சானார்கள். பல இனப் பெண்களின் முகங்களைக் கொண்ட அட்டை வர 1990-கள் ஆயிற்று. ஒரு முகத்தை அளவுகோலாக வைத்து மற்ற முகங்களை அதற்குத் திருப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதனால்தான் சாம்பல் அட்டையோ ஐடி கார்டோ அளவுகோலாக இருக்கட்டும் என்கிறேன்.

சோதிக்கவும் வழி இருக்கிறது. ஒருவரின் நெற்றியின் L எண்ணுக்கும் அவர் பக்கத்துச் சுவரின் L எண்ணுக்கும் உள்ள இடைவெளியை, வெளிச்சம் மட்டும் சரிசெய்யப்பட்ட படத்தில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்தபின் பின்னணி எவ்வளவு ஏறியதோ, அந்த அளவுக்கு மட்டுமே இந்த இடைவெளி மாறியிருக்க வேண்டும். அதற்கு மேல் குறைந்திருந்தால் எங்கோ முகம் வெளுக்கப்பட்டிருக்கிறது.

அடுத்தது பின்னணி. இணையப் பக்கத்தை வடிவமைப்பவர் ஒரு நிறத்தைச் சொல்லிவிடுவார், அதன்படி வெட்டி ஒட்டுவார்கள் என்பதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தொகுதியில் உள்ளதிலேயே மோசமான படம் எதுவோ, அதுதான் பின்னணியின் நிறத்தைத் தீர்மானிக்க வேண்டும். வெளிர் சுவருக்கு முன்னால் எடுத்தவரின் சுருட்டை முடியில், இழைகளுக்கு நடுவே அந்தச் சுவர்தான் தெரிகிறது. அவரை வெட்டி அடர் நீலப் பின்னணியில் ஒட்டினால், முடி ஓரம் முழுக்க வெளிர் கோடு ஒன்று ஒளிவட்டம்போல் நிற்கும். மதுரைச் சுவர் வெளிர் நிறம். எனவே மொத்தப் பக்கத்துக்கும் வெளிர் பின்னணி என்று முடிவாயிற்று. `#EBECEE` என்ற, கொஞ்சம் குளிர்ந்த சாம்பல். லேப் கணக்கில் ஏறக்குறைய L 93, a 0, b -1.

அந்த முடிவு எடுத்ததும், மதுரைப் படங்களை வெட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. சந்தனச் சுவர் L 88, a 2, b 14 என்று இருந்தது. ஆளைத் தேர்ந்தெடுத்து, தேர்வைத் தலைகீழாக்கி, அந்த மாஸ்க்கின் ஓரத்தை மென்மையாக்கி, சுவரின் b-ஐ 15 குறைத்து, a-யை 2 குறைத்து, L-ஐ 5 ஏற்றினால் சுவர் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிடுகிறது. முடி இழைகளுக்கு நடுவே கலந்து கிடக்கும் சுவரின் மஞ்சளும் அந்த மென்மையான ஓரத்தோடு சேர்ந்து நகர்கிறது. ஒவ்வோர் இழையையும் தனியாக வெட்ட வேண்டியதில்லை. சென்னையின் சாம்பல் பேப்பருக்கும் இதே முறைதான். அதற்கு நிறம் நகர வேண்டியதில்லை, L மட்டும் ஏறினால் போதும். பேப்பரில் ஓரங்களை நோக்கி வெளிச்சம் மங்கியிருந்ததை, மென்மையான சரிவு ஒன்றால் நிரவினேன்.

கோவையில் சிலருக்குப் பின்னால் கதவின் விளிம்பும் சுவிட்ச் போர்டும் தெரிந்தன. அவற்றை வெட்டித்தான் ஆக வேண்டும். போட்டோஷாப்பில் `Select and Mask` பலகைக்குள் போய் முடி ஓரங்களைத் தூரிகையால் தடவினால் பெரும்பாலும் சரியாக வரும். தானியங்கித் தேர்வு தவறும் இடங்கள் எப்போதும் ஒன்றுதான்: மூக்குக் கண்ணாடியின் ஓரம், ஜிமிக்கிக்கும் கழுத்துக்கும் நடுவில் உள்ள சிறு இடைவெளி, தலையில் வைத்த மல்லிகைச் சரம். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைப் பூ இருந்தால், மென்பொருள் பூவையும் சுவர் என்று நினைத்துப் பாதியைத் தின்றுவிடும். இந்த மூன்றையும் ஒவ்வொரு படத்திலும் கண்ணால் பார்த்தே தீர வேண்டும். வெட்டி ஒட்டிய பின்னணி மழுமழுவென்று இருக்கும், மற்றவற்றில் கேமராவின் மெல்லிய துகள் இருக்கும். ஒட்டிய பின்னணியிலும் சிறிது துகள் சேர்த்தால் இந்த வித்தியாசமும் மறையும். வெளிர் சாம்பலில் படிப்படியாகக் கோடு விழுவதும் நிற்கும்.

இப்போதுதான் சட்டைக்கு வரலாம். அளக்கும் இடம் எல்லாப் படத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். காலர் நுனிக்கு இரண்டு விரல் கீழே, மடிப்பு இல்லாத இடத்தை எடுத்துக்கொண்டேன். ஒரே ஒரு புள்ளியை அளந்தால் நூலிழையின் நிழல் எண்ணைப் புரட்டிவிடும். எனவே போட்டோஷாப்பில் சொட்டுக்குழாயின் `Sample Size`-ஐ `31 by 31 Average` என்று வைத்துக்கொள்வது நல்லது. மதுரைச் சட்டை, வெளிச்சம் சரிசெய்த பின்னும் L 74, a -2, b -28 என்று நின்றது. சென்னையிலிருந்து 10.2 தூரம். கைபேசிகள் நீலத்தையும் பச்சையையும் தூக்கிக் காட்டும். படம் ஜேபெக்காக வரும்போதே அது உள்ளே பதிந்துவிடுகிறது.

சட்டையின் நிறத்தை மாற்ற இரண்டு வழிகள் உண்டு. சட்டைமேல் நமக்கு வேண்டிய நீலத்தை ஓர் அடுக்காக ஊற்றி, கலப்பு முறையை `Color` என்று வைப்பது ஒன்று. விரைவாக முடியும், எல்லாச் சட்டையும் அச்சாக ஒரே நீலமாகிவிடும். ஆனால் பெரிதாக்கிப் பாருங்கள். உண்மையான சட்டையில் தோள்மேட்டில் வெளிச்சம் படும் இடம் ஏறக்குறைய வெள்ளையாக வெளுத்திருக்கும், காலருக்கு அடியில் நிழல் சாம்பலாக இறங்கும். நீலத்தின் அடர்த்தி துணி முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. அடுக்கை ஊற்றியதும் மேடு, நிழல், தையல், பட்டன் எல்லாவற்றுக்கும் ஒரே நீலம் ஏறும். பருத்தித் துணி ரெக்சின்போல் ஆகிவிடும். வெள்ளைப் பட்டன் நீலமாகியிருந்தால் அந்தச் சட்டையில் நிறம் ஊற்றப்பட்டிருக்கிறது என்று உடனே சொல்லிவிடலாம்.

மற்ற வழி, சுவருக்குச் செய்ததுபோலவே நகர்த்துவது. படத்தை 16 பிட்டாக்கி, லேப் முறைக்கு மாற்றி, சட்டைக்கு மட்டும் மாஸ்க் போட்ட கர்வ்ஸ் அடுக்கில், b-யின் கோட்டை அதன் சாய்வு மாறாமல் அப்படியே 8 ஏற்ற வேண்டும். A-யை 2 இறக்க வேண்டும். சாய்வு மாறாததால் மேட்டுக்கும் நிழலுக்கும் இருந்த வித்தியாசம் அப்படியே காப்பாற்றப்படுகிறது. மொத்தச் சட்டையும் ஒரே தூரம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். L-ஐ மட்டும் நடுப்பகுதியில் 6 இறக்கினேன். வெளுத்த மேட்டையும் இருண்ட நிழலையும் தொடவில்லை. பட்டன்கள் லேசாக மஞ்சளடித்தால் மாஸ்க்கிலிருந்து அவற்றை அழித்துவிடலாம். இன்னொரு எச்சரிக்கை: லேப் முறையிலிருந்து மற்ற முறைக்கு மாறும்போது போட்டோஷாப் இந்த அடுக்குகளைக் கைவிட்டுவிடக்கூடும். வேலையெல்லாம் முடிந்து, அடுக்குகளை ஒன்றாக்கிய பிறகே மாற வேண்டும்.

ஒரு படத்தில் செய்த இந்த நகர்த்தலை ஆக்‌ஷனாகப் பதிந்துகொண்டு, `File > Automate > Batch` வழியாகத் தொகுதி முழுவதற்கும் ஓட்டலாம். மதுரைக்கு ஓர் ஆக்‌ஷன், கோவைக்கு வேறோர் ஆக்‌ஷன். கோவைக்குத் தேவைப்பட்டது b-யில் 3 மட்டும். சென்னைக்கு எதுவும் இல்லை. லைட்ரூமிலேயே வேலையை முடிக்க விரும்பினால், அதன் புதிய பதிப்புகளில் ஆடையை மட்டும் பிரித்துத் தரும் மாஸ்க் இருக்கிறது. அதைப் பல படங்களுக்கு ஏற்றினால் ஒவ்வொரு படத்துக்கும் ஆடை எங்கே என்று அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். ஆனால் ஐடி கார்டையும் கழுத்துப் பட்டையையும் சேர்த்துப் பிடித்துவிடும். O விசையை அழுத்தினால் மாஸ்க் எங்கே விழுந்திருக்கிறது என்று சிவப்பில் தெரியும். புடவைகளுக்கு ஜரிகைக் கரையைக் கையால் விலக்க வேண்டும். இல்லையென்றால் தங்கக் கரை நிறம் மாறிப் பித்தளையாகிவிடும்.

எல்லாத் துணியும் இந்த முறைக்கு வசப்படாது. மயில்கழுத்துப் பட்டு கட்டி வந்திருந்த ஒருவரின் படத்தில் நான் நிறத்தைத் தொடவே இல்லை. பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறொரு நிறமும் ஓடும் துணி அது. தோளில் நீலமாகவும் மடிப்பில் பச்சையாகவும் இருப்பதுதான் அதன் இயல்பு. எந்த இடத்தை அளந்து எங்கே நகர்த்துவது? ஒரு நகர்த்தல் தோளைச் சரிசெய்தால் மடிப்பைக் கெடுக்கும். கறுப்புச் செயற்கைத் துணிகளும் சிரமம் தருபவை. சில துணிகள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். அதை முழுதாக வடிகட்டாத கேமராவில் கறுப்புக் கோட்டு ஊதாவாக விழும். 2006-ல் வந்த லைக்கா எம்8 கேமராவில் இது பெரிய புகாராகி, அந்த நிறுவனம் வாங்கியவர்களுக்கு லென்ஸ் வடிகட்டிகளை இலவசமாக அனுப்பியது. அருகில் நிற்கும் கறுப்புப் பருத்தியில் அந்த ஊதா இருக்காது என்பதால், வெளிச்சத்தைச் சரிசெய்து இதைத் தீர்க்க முடியாது. அந்தக் கோட்டுக்கு மட்டும் மாஸ்க் போட்டு நிறத்தைக் குறைக்க வேண்டும்.

மாலை போட்டிருந்த ஒருவர் கறுப்புச் சட்டையில் வந்திருந்தார். அதையும் நீலமாக்கித் தரச் சொல்லிக் கேட்டார்கள். கறுப்பை வெளிர் நீலமாக ஏற்றினால் நிழலுக்குள் ஒளிந்திருக்கும் புள்ளிகளும் கட்டம் கட்டமான சிதைவும் மேலே வந்து அசிங்கமாகிவிடும். அது தொழில்நுட்பக் காரணம். அதைவிட முக்கியம், அந்தச் சட்டையை அவர் விரதத்துக்காகப் போட்டிருக்கிறார். அதன் நிறத்தை மாற்றும் முடிவு அவருடையது. அவரிடம் கேட்டபோது, விரதம் முடிந்தபின் வேறு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். அப்படியே செய்தோம்.

எல்லாம் முடிந்ததும் தனித்தனியாகத் திறந்து பார்த்துத் திருப்தி அடைவதில் பயனில்லை. எல்லாவற்றையும் சிறிதாக்கி ஒரே தாளில் அடுக்கிப் பார்க்க வேண்டும். இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருள் இருந்தால் ஒரே வரி போதும்:

```
magick montage web/*.jpg -tile 12x -geometry 120x150+4+4 sheet.jpg
```

96 படங்களும் எட்டு வரிசையாக ஒரே படத்தில் வந்து நிற்கும். இந்த அளவில் முகபாவங்கள் கவனத்தை இழுக்காது. நிறம் மட்டும்தான் தெரியும். ஒரு சட்டை விலகி நின்றால் சட்டென்று கண்ணில் படும். கண்கள் இருக்கும் உயரம் ஏறி இறங்கினாலும் இதில்தான் தெரியும். என் தாளில் மதுரைப் படங்கள் இரண்டு உறுத்தின. சட்டை சரியாகவே இருந்தது. கைபேசியின் அழகூட்டும் வசதி அந்த இருவரின் முகத்தையும் வெளுத்து, தோலின் நுண்ணிய கோடுகளை வழித்து எடுத்திருந்தது. அழிந்துபோன விவரத்தைத் திருத்தி மீட்க முடியாது. அந்த இருவரையும் மறுபடி எடுக்கச் சொன்னேன்: அழகூட்டும் வசதியை அணைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்து நின்று, டியூப் லைட்டை நிறுத்திவிட்டு, சுவரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி.

கைபேசிப் படங்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஐபோன்கள் 2016 முதல் டிஸ்ப்ளே பி3 என்ற அகன்ற நிறவெளியில் படம் எடுக்கின்றன. படத்தோடு ஒட்டியிருக்கும் நிறக் குறிப்பை இணையதளத்தின் பதிவேற்றும் மென்பொருள் கழற்றிவிட்டால், நாம் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த நீலம் தளத்தில் சோர்ந்துபோய்த் தெரியும். எல்லாப் படங்களையும் எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்கு மாற்றிச் சேமித்துவிட்டால், குறிப்பு கழன்றாலும் பெரிய சேதம் வராது. குறிப்பை மட்டும் மாற்றி ஒட்டினால் நிறம் கெடும். நிறத்தையே மாற்ற வேண்டும். போட்டோஷாப்பில் அதற்கு `Convert to Profile` என்ற கட்டளை.

நிறுவனத்துக்குப் படங்களோடு ஒரு பக்கக் குறிப்பையும் கொடுத்தேன். பின்னணி `#EBECEE`, சட்டை L 68, a -4, b -20, தூரம் 3-க்குள், கார்டின் வெள்ளை a 0, b -3, கண்கள் மேலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு உயரத்தில், முகத்தின் பிரகாசத்தை மாற்றக் கூடாது. ஆறு மாதம் கழித்துப் புதிதாகச் சேர்பவரின் படத்தை வேறு யாரோ, வேறு மென்பொருளில் திருத்துவார்கள். என் ஆக்‌ஷன்கள் அவருக்கு உதவாது, அவை மதுரைச் சுவருக்காகச் செய்தவை. அவருக்குத் தேவை அந்த எண்களும், எடுக்கும்போதே புதியவரின் கையில் கொடுக்கச் சொல்லி நான் உறையில் வைத்து அனுப்பிய ஒரு சாம்பல் அட்டையும்தான்.